மூன்று கோட்பாடுகள், ஒரு பக்க அட்டவணை: தீவக மின்திட்டத்தில் சோதித்துப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குத் தோற்றும் அரசறிவியல் மாணவர்கள் சிலருக்குச் சர்வதேச உறவுகள் பாடத்தில் வழிகாட்டி வருகிறேன். அந்தப் பாடத்தின் கோட்பாட்டுப் பகுதிக்கு அவர்கள் கையில் இருப்பது போட்டோக்கொப்பி எடுத்த ஒரு நீண்ட அத்தியாயம். யதார்த்தவாதம், தாராண்மைவாதம், கட்டுருவாக்கவாதம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் விளக்கப்பட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் விமர்சனங்கள் தரப்பட்டிருக்கும். இதை ஒரு பக்க அட்டவணையாகச் சுருக்கும் பழக்கம் மாணவர்களிடம் ஏற்கெனவே உண்டு. அந்த அட்டவணை எங்கே பயன்படாமற் போகிறது, அதை எப்படித் திருத்திக் கட்டலாம், திருத்திய பின்னும் அதனால் எதைச் சொல்ல முடியாது என்பதை, யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்று தீவுகளில், இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின் சீன நிறுவனத்திடமிருந்து இந்திய நன்கொடைக்கு மாறிய மின்திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் அட்டவணை ஏன் உதவவில்லை

மாணவர்கள் வழக்கமாகத் தயாரிக்கும் அட்டவணையில் நான்கு நிரல்கள் இருக்கும்: அறிஞர்கள், முக்கிய எண்ணக்கருக்கள், பலங்கள், குறைபாடுகள். யதார்த்தவாதத்துக்கு எதிரே வோல்ட்ஸ், மெர்ஷைமர் என்ற பெயர்களும், அராஜகநிலை, வலுச்சமநிலை, தேசிய நலன் என்ற சொற்களும் எழுதப்பட்டிருக்கும். தாராண்மைவாதத்துக்கு எதிரே கியோஹேன், நிறுவனங்கள், பரஸ்பரம் தங்கியிருத்தல் ஆகியன வரும். கட்டுருவாக்கவாதத்துக்கு எதிரே வென்ட், அடையாளம், நெறிமுறை என்பவை வரும். மனனம் செய்து ஒப்புவிப்பதற்கு இது போதும். ஆனால் "பின்வரும் நிகழ்வை மிகச் சிறப்பாக விளக்கும் கோட்பாடு எது?" என்று வினாத்தாள் கேட்கும்போது அந்த அட்டவணை ஒரு துணையும் செய்வதில்லை.

தீவக மின்திட்டத்தை வைத்து அப்படியொரு வினாவைக் கொடுத்தபோது வந்த விடைகள் எல்லாம் ஒரே அமைப்பில் இருந்தன. இந்தியா தன் பாதுகாப்பை எண்ணி எதிர்ப்புத் தெரிவித்தது, எனவே யதார்த்தவாதம் பொருந்துகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கி இடையில் இருந்தது, எனவே தாராண்மைவாதமும் பொருந்துகிறது. இந்தியாவும் சீனாவும் ஒன்றையொன்று போட்டியாளராகப் பார்க்கின்றன, எனவே கட்டுருவாக்கவாதமும் பொருந்துகிறது. விடைகளைத் திருத்திக் கொடுத்தபோது தீவுப்பகுதியைச் சேர்ந்த மாணவி ஒருவர் எழுப்பிய கேள்வியிலிருந்துதான் பிறகு நடந்தவை எல்லாம் தொடங்கின: "சேர், மூண்டும் சரியெண்டா, அந்தக் கரண்ட் விசயத்தில ஆர் சொன்னது பிழை?"

அட்டவணையில் அதற்கு விடை இருக்கவில்லை. எண்ணக்கருக்களின் பட்டியலை எந்த நிகழ்வின் மீதும் போர்த்திவிடலாம். இன்ன நிலைமையில் இன்னது நடக்கும், இன்னது நடக்காது என்று சொல்லும் கூற்றை மட்டுமே நிகழ்வு மறுத்துக் காட்ட முடியும். ஆகவே பலங்கள், குறைபாடுகள் என்ற இரண்டு நிரல்களையும் முற்றாக நீக்கச் சொன்னேன். பிறர் செய்த மதிப்பீட்டைச் சுருக்கி எழுதிய அந்த இடத்தில், கோட்பாடே தரும் எதிர்வுகூறலையும் அது எதனால் பொய்க்கும் என்பதையும் எழுத வேண்டும் என்பதே இந்த வேலையின் மையம்.

வாசிப்பிலிருந்து வாக்கியங்களைப் பிரித்தல்

அத்தியாயத்தின் ஒவ்வொரு பகுதியையும் பென்சிலுடன் வாசித்து, உலகம் இப்படி இருக்கிறது என்று சொல்லும் வாக்கியத்தின் ஓரத்தில் ஓர் அடையாளமும், இப்படி இருந்தால் இது நடக்கும் என்று சொல்லும் வாக்கியத்தின் ஓரத்தில் வேறோர் அடையாளமும் இட வேண்டும். வரலாற்றுப் பின்னணி, அறிஞர்களின் சர்ச்சை, நூலாசிரியரின் பாராட்டு ஆகியவற்றுக்கு அடையாளம் வேண்டியதில்லை. இப்படிச் செய்தால் நீண்ட அத்தியாயமொன்றில் அடையாளமிடத்தக்க வாக்கியங்கள் மிகச் சிலவே என்பது உடனே தெரிந்துவிடும். மாணவர்களுக்கு வியப்பளித்ததும் அதுதான்.

தொல்லை தருவது இரண்டுக்கும் நடுவே நிற்கும் வாக்கியங்கள். மெர்ஷைமர் 2001இல் வெளியிட்ட நூலில் ஐந்து எடுகோள்களை வெளிப்படையாக அடுக்குகிறார்: அரசுகளுக்கு மேலே அதிகாரம் எதுவும் இல்லை, பெரும் வல்லரசுகளிடம் பிறரைத் தாக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு, பிற அரசின் உள்நோக்கத்தை எந்த அரசும் உறுதியாக அறிய முடியாது, தப்பிப்பிழைத்தலே அரசின் முதன்மைக் குறிக்கோள், அரசுகள் பகுத்தறிந்து செயற்படுகின்றன. இவற்றோடு "அரசுகள் ஒன்றையொன்று அஞ்சுகின்றன" என்ற வாக்கியத்தையும் மாணவர்கள் பலர் எடுகோள் நிரலில் சேர்த்திருந்தார்கள். அது எடுகோள் அன்று. முதல் மூன்று எடுகோள்களும் தப்பிப்பிழைக்கும் ஆசையும் சேரும்போது பிறப்பது. அதை எடுகோளாக வைத்துவிட்டால், அச்சத்தினால் அரசுகள் போட்டியிடும் என்ற எதிர்வுகூறல் எதையும் புதிதாகச் சொல்லாது. போட்ட பொருளையே திரும்ப எடுத்ததாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய வாக்கியத்தை எடுத்து, "ஏன்?" என்ற கேள்விக்கு அதே வாசிப்பிலேயே விடை இருக்கிறதா என்று தேட வேண்டும். விடை இருந்தால் அது இடைநிலைக் கூற்று. வாசிப்பு விடையே தராமல் அதைத் தொடக்கமாக வைத்திருந்தால் அது எடுகோள். இடைநிலைக் கூற்றுகளுக்கு எடுகோளுக்கும் எதிர்வுகூறலுக்கும் இடையில் "எனவே" என்ற தலைப்பில் ஒரு சிறு நிரல் கொடுத்தோம். இறுதி அட்டவணையில் இடமில்லாததால் அது கழன்றுபோனது. ஆனால் வரைவுப் படியில் அது இல்லாமல் வேலை நடந்திருக்காது.

ஒரே எடுகோள், வேறு முடிவு

எடுகோள் நிரல் ஓரளவு நிரம்பியதும் மாணவர்கள் எதிர்பாராத ஒன்று தென்பட்டது. தாராண்மைவாதத்தின் ஒரு கிளையான கியோஹேனின் நிறுவனவாதம் யதார்த்தவாதத்துக்கு நேரெதிர் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் 1984இல் அவர் தம் வாதத்தை முன்வைத்தபோது, மேலதிகாரம் இல்லாத உலகையும் தன்னல நோக்குடன் கணக்குப் பார்த்து நடக்கும் அரசுகளையும் அவரும் ஏற்றுக்கொண்டே தொடங்குகிறார். அட்டவணையில் இரண்டு நிரைகளின் எடுகோள் கட்டங்களையும் அருகருகே வைத்தால் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும்.

அப்படியென்றால் எதிர்வுகூறல்கள் வேறுபடுவதற்கு எங்கோ ஓர் எடுகோள் வேறுபட்டாக வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் அட்டவணை செய்வதில் மிகப் பயனுள்ள வேலை என்பது என் அபிப்பிராயம். இங்கே வேறுபடுவன இரண்டு. முதலாவது தகவல். மற்றவரின் உள்நோக்கத்தை அறிய முடியாமை மாறாத நிலை என்று யதார்த்தவாதி கொள்கிறார். நிறுவனவாதியோ விதிகள், கண்காணிப்பு, திரும்பத் திரும்ப நடக்கும் பேச்சுகள் ஆகியவற்றால் அந்த இருளைக் குறைக்கலாம் என்று கொள்கிறார். இரண்டாவது இலாபத்தை அளக்கும் முறை. எனக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை மட்டும் அரசு பார்க்கிறதா, என்னைவிட மற்றவருக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது என்பதையும் பார்க்கிறதா? மற்றவரின் பங்கை அளந்து பார்க்கும் அரசு, தனக்கு நன்மை தரும் உடன்பாட்டையும் உதறக்கூடும். தன் பங்கை மட்டும் பார்க்கும் அரசு உதறாது. ஒரு நிகழ்வில் இந்த இரண்டையும் பிரித்தறிய முடிந்தால், கோட்பாடுகளும் பிரிந்து நிற்கும்.

கட்டுருவாக்கவாதத்தில் சிக்கல் வேறு வகையானது. மேலதிகாரம் இல்லாத அந்த அராஜகநிலை என்பது அரசுகள் அதை எப்படி ஆக்கிக்கொள்கின்றனவோ அப்படியே இருக்கும் என்று வென்ட் 1992இல் வாதிட்டார். பிரித்தானியாவிடம் உள்ள 500 அணுவாயுதங்களைவிட வடகொரியாவிடம் உள்ள 5 அணுவாயுதங்கள் அமெரிக்காவுக்குக் கூடிய அச்சுறுத்தல் என்று அவர் காட்டிய உதாரணம் பலரும் அறிந்தது. அது அழகான உதாரணம். ஆனால் யார் யாரைப் பகைவராக எண்ணுகிறார் என்பதை அந்தக் கோட்பாடு முன்கூட்டிச் சொல்வதில்லை. அதை வெளியிலிருந்து நாம்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும். நிகழ்வு நடந்து முடிந்த பின், "எதிர்த்தார்கள், எனவே பகைவராக எண்ணியிருக்கிறார்கள்" என்று எழுதினால் அந்த நிரை ஒருபோதும் பொய்க்காது. ஆகவே அந்த நிரைக்கு மட்டும் ஒரு தனி விதி வைத்தோம்: உறவின் தன்மைக்கான சான்று, விளக்க வேண்டிய நிகழ்வுக்கு முந்தியதாகவும் அதற்கு வெளியே இருப்பதாகவும் இருக்க வேண்டும்.

வாசிப்பில் தாராண்மைவாதம் என்ற தலைப்பின் கீழ் ஜனநாயக சமாதானம், வணிகத்தால் வரும் சமாதானம், நிறுவனங்கள் என்ற மூன்று தனி வாதங்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. இவற்றின் எடுகோள்கள் வேறுவேறானவை. ஒரே நிரையில் போட்டால் எதிர்வுகூறல் கலங்கிவிடும். எனவே நிறுவனங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். யதார்த்தவாதத்திலும் தெரிவு தேவைப்பட்டது. வோல்ட்ஸ் 1979இல் தந்த கோட்பாடு சர்வதேச முறைமையைப் பற்றியது. தனியொரு அரசின் தனியொரு முடிவை விளக்குவது அதன் வேலை அன்று என்று அவரே திரும்பத் திரும்பச் சொன்னவர். மூன்று தீவுகளின் மின்சாரத்துக்கு அவரை இழுப்பது நியாயமாகாது. அதனால் ஸ்டீவன் வோல்ட் 1987இல் வைத்த அச்சுறுத்தற் சமநிலை என்ற வடிவத்தை எடுத்தோம். அரசுகள் வெறும் வலுவுக்கு எதிராக அன்றி அச்சுறுத்தலுக்கு எதிராகவே சமநிலை தேடுகின்றன என்றும், அச்சுறுத்தலை மொத்த வலு, புவியியல் அண்மை, தாக்கும் ஆற்றல், நோக்கம் பற்றிய கணிப்பு ஆகியவற்றால் அளக்கின்றன என்றும் அது சொல்கிறது. வோல்ட்ஸ், வோல்ட் என்று இருவர் வருவதால் விடைத்தாள்களில் இந்த இடத்தில் நேரும் குழப்பம் சொல்லி மாளாது; முழுப் பெயரை எழுதுவதே பாதுகாப்பு.

அட்டவணை

| கோட்பாடு | வேறுபடுத்தும் எடுகோள் | எதிர்வுகூறல் | இது நடந்தால் பொய்க்கும் |
|---|---|---|---|
| அச்சுறுத்தற் சமநிலை | நோக்கம் உறுதியாகத் தெரியாது; வலுவும் அண்மையும் அச்சத்தை அளக்கும் | வலுமிக்க போட்டி அரசு அருகில் வந்தால், வருகை சிவில் வகையினதாயினும், செலவு செய்தேனும் தடுக்கும் | அத்தகைய வருகையை எதிர்ப்பின்றி விட்டுவிடுதல் |
| நிறுவனவாதம் | விதிகளும் தகவலும் ஐயத்தைக் குறைக்கும்; தன் இலாபமே அளவுகோல் | பொது விதிப்படி எட்டிய முடிவு நிலைக்கும்; ஆட்சேபம் அந்த விதிகளுக்குள்ளேயே நடக்கும் | அரசு விதிக்கு வெளியே போய்ச் சொந்தப் பணத்தில் முடிவை மாற்றுதல் |
| கட்டுருவாக்கவாதம் | அச்சம் உறவின் வரலாற்றிலிருந்து வருகிறது, வலுவிலிருந்து நேரடியாக அன்று | அதே இடத்தில் அதே வலுவுள்ள நட்பு அரசு வந்தால் எதிர்ப்பு இராது | உறவு மாறிய பின்னும் எதிர்ப்பு அதேபடி நீடித்தல் |

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதவில்லை. மூன்று கோட்பாடும் ஒருங்கே ஏற்கும் எதிர்வுகூறல் எதற்கும் அட்டவணையில் இடமில்லை என்பது இன்னொரு விதி. "அரசுகள் தம் நலனை நாடும்" என்ற வாக்கியம் வரைவில் எல்லா நிரையிலும் இருந்தது. எல்லா நிரையிலும் இருந்ததனாலேயே அது வெட்டப்பட்டது.

முதலில் நேட்டோவில்

உள்ளூர் நிகழ்வுக்குப் போக முன், முடிவு தெரிந்த பழைய நிகழ்வொன்றில் நிரைகளைச் சோதித்தோம். 1949இல் தொடங்கிய நேட்டோவின் எதிரணியான வார்சோ ஒப்பந்த அமைப்பு 1991 ஜூலையில் கலைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் ஒன்றியமும் மறைந்தது. அச்சுறுத்தல் போனதும் கூட்டணி தேய வேண்டும் என்பது யதார்த்தவாத நிரையின் முடிவு. வோல்ட்ஸ் 1993இல் ஏறத்தாழ அப்படித்தான் எதிர்பார்த்தார். நேட்டோவுக்கு எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே என்ற கருத்துப்பட எழுதினார். ஆனால் 1999இல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு ஆகியன சேர்ந்தன. 2004இல் மேலும் ஏழு நாடுகள் சேர்ந்தன.

2000ஆம் ஆண்டில் வோல்ட்ஸ் இதற்கு விடை கூறினார். அமெரிக்கா ஐரோப்பாவின் மீதான தன் பிடியைத் தக்கவைக்கும் கருவியாக நேட்டோவை வைத்திருக்கிறது. வலுவுள்ளவர் விரும்பும்வரை நிறுவனம் வாழும் என்பது அவர் வாதம். அந்த வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது 1993இன் எதிர்வுகூறல் அன்று. நிகழ்வைப் பார்த்த பின் வந்த விளக்கம். இந்த இடத்தில் மாணவர்கள் கற்றுக்கொண்ட நடைமுறை எளியது: எதிர்வுகூறலுக்குப் பக்கத்தில் அது சொல்லப்பட்ட ஆண்டையும் எழுதுவது. ஆண்டு இருந்தால், கோட்பாடு வென்றதா அல்லது கோட்பாட்டாளர் பிறகு தப்பிக்கொண்டாரா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

நிறுவனவாதம் நேட்டோ நிலைக்கும் என்பதைச் சரியாகச் சொன்னது. விரிவடையும் என்பதை அது அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. யார் சேர்க்கப்படுவார் என்பதற்குக் கட்டுருவாக்கவாதம் விடை தர முயல்கிறது. சேர விரும்பியவர்களின் அச்சத்தை அச்சுறுத்தற் சமநிலையும் விளக்குகிறது. ஒரே நிகழ்வை "நிலைத்தது", "விரிந்தது", "இன்னாரைச் சேர்த்தது" என்று மூன்று கேள்விகளாக உடைத்தால் வெவ்வேறு நிரைகள் வெவ்வேறு கேள்வியில் வெல்கின்றன. இவ்வளவோடு நேட்டோவை விட்டு நகர்ந்தோம்.

மூன்று தீவுகள்

நயினாதீவும் அனலைதீவும் நெடுந்தீவும் தேசிய மின்வலையமைப்போடு இணையாதவை. மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தவை. சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றைச் சேர்த்த கலப்பு மின்திட்டம் ஒன்றுக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் விலைமனுக் கோரப்பட்டது. 2021 ஜனவரியில் அதைச் சீன நிறுவனம் ஒன்று பங்காளியாக இருந்த கூட்டு முயற்சிக்கு வழங்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. தீவுகள் இராமேஸ்வரக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் சுற்றுவட்டத்தில் இருப்பவை. இந்தியா ஆட்சேபித்தது. 2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகச் சீன நிறுவனம் திட்டத்தை இடைநிறுத்தியதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே மூன்று தீவுகளின் மின்திட்டத்தை இந்திய நன்கொடையில் நிறைவேற்றும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனம் ஒன்றுக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த நிகழ்வு என்பதால் ஒரு கட்டுப்பாடு விதித்தேன். 2021 ஜனவரியில் நிற்பதாகக் கொண்டு, அட்டவணையின் மூன்றாம் நிரலை மட்டும் பார்த்து, அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதன் பின்புதான் நடந்ததோடு ஒப்பிட வேண்டும். மின்பிறப்பாக்கிச் சத்தத்தில் வளர்ந்த அந்தத் தீவக மாணவி நிறுவனவாதத்தை எடுத்துக்கொண்டார். அவர் எழுதியது கூர்மையாக இருந்தது: இந்தியாவும் இலங்கையும் 1966இல் வங்கி தொடங்கியபோதே உறுப்பினராக இருந்த நாடுகள், சீனாவும் 1986 முதல் உறுப்பினர், விலைமனு வங்கியின் விதிப்படி நடந்தது, ஆகவே ஆட்சேபம் இருந்தால் அது வங்கியின் முறைப்பாட்டு வழியில் எழும், முடிவு நிலைக்கும்.

அது பொய்த்தது. பொய்த்த விதமும் அட்டவணையின் நான்காம் நிரலில் எழுதியபடியே இருந்தது: இந்தியா விதிக்கு வெளியே தன் பணத்தை வைத்து முடிவை மாற்றியது. தனக்குக் கிடைக்கும் நேரடி இலாபத்தை மட்டும் பார்த்திருந்தால், வேறொருவர் கட்டவிருந்த சிறிய மின்நிலையங்களுக்காக இந்தியா நன்கொடை கொடுத்திருக்க வேண்டியதில்லை. மற்றவர் என்ன பெறுகிறார் என்பதும் கணக்கில் வந்திருக்கிறது. ஆயினும் நிறுவனவாதிக்கு நேர்மையான ஒரு பதில் உண்டு. வங்கியின் கொள்வனவு விதிகள் விலையையும் தரத்தையும் பற்றிய ஐயத்தைக் குறைக்க எழுதப்பட்டவை. கரையோரக் கண்காணிப்புப் பற்றிய ஐயத்தைக் குறைக்கும் ஏற்பாடு எதுவும் அவற்றில் இல்லை. ஆகவே நிறுவனம் தோற்றது என்பதைவிட, அந்த விடயத்துக்குப் பொருத்தமான நிறுவனம் இருக்கவில்லை என்பது துல்லியமானது. அந்த நிரையின் எதிர்வுகூறலில் "விதிகள் தொடும் விடயத்தில்" என்ற சொற்களைச் சேர்த்தோம். ஒரு தோல்விக்குப் பின் கோட்பாட்டில் எல்லை சேர்ப்பது நியாயமானதா என்று கேட்கலாம். சேர்த்த எல்லையோடு அடுத்த நிகழ்வில் அது மறுபடி பொய்க்க வாய்ப்பு இருக்கும்வரை நியாயமே.

மற்ற இரண்டு நிரைகளும் எதிர்ப்பை எதிர்பார்த்தன, எதிர்ப்பு வந்தது. கட்டுருவாக்கவாதத்துக்கு வைத்த விதிப்படி முந்திய சான்றும் இருந்தது: இந்திய - சீன எல்லையில் 2020 ஜூனில் நடந்த கல்வான் மோதல், அதில் இறந்த 20 இந்தியப் படையினர். ஆகவே இந்த நிகழ்வு நிறுவனவாதத்தைப் பிரித்துக் காட்டியதே தவிர, எஞ்சிய இரண்டையும் பிரிக்கவில்லை. பரீட்சை விடையில் இதை அப்படியே எழுதலாம். "யதார்த்தவாதமே சிறந்தது" என்று எழுதுவது மிகையான முடிவு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச் என்பது இலங்கை அந்நியச் செலாவணி இன்றித் தவித்த மாதம். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. புது டில்லியின் உதவியை எதிர்பார்த்திருந்த கொழும்பு அந்த ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டதற்கு மூன்று நிரைகளிலும் விளக்கம் இல்லை. அட்டவணை இந்தியாவின் நடத்தையைப் பற்றிப் பேசுகிறது. இலங்கையின் நடத்தைக்கு வேறு வாசிப்பு வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். யாருடைய நடத்தையை விளக்குகிறோம் என்பதை அட்டவணைக்கு மேலே ஒரு வரியில் எழுதிவைத்தால் வழுக்காது.

இரண்டையும் பிரிக்கும் ஒப்பீடு

அச்சுறுத்தற் சமநிலையையும் கட்டுருவாக்கவாதத்தையும் பிரிக்க, இடம் மாறாமல் வருபவர் மாறும் நிகழ்வு வேண்டும். முதலில் ஒருவர் மன்னாரைக் கொண்டுவந்தார். மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள தம்பபவனி காற்றாலைத் திட்டமும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அமைந்தது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு 100 மெகாவாட்டுக்கு மேல். சுழலிகள் டென்மார்க் நிறுவனத்தினுடையவை. இந்தியக் கரைக்கு மன்னாரும் கிட்டிய இடம்தான். அங்கே தீவகத்தில் எழுந்ததைப் போன்ற சர்ச்சை எழவில்லை. இதனால் அண்மை மட்டும் போதாது என்பது தெளிவாகிறது. ஆனால் டென்மார்க் வல்லரசு அன்று. வலுவும் சேர்ந்தால்தான் அச்சம் என்று யதார்த்தவாதி சொல்லிவிடலாம். நட்பும் இல்லை, பகையும் இல்லை, வலுவும் இல்லை. ஒப்பீடு இரண்டு காரணிகளை ஒன்றாக மாற்றிவிட்டது.

பொருத்தமான ஒப்பீடு திருகோணமலையில் கிடைத்தது. 1980களில் இந்தியாவின் கவலை அமெரிக்காவைப் பற்றியது. 1987 ஜூலை 29இல் இந்திய - இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலையோ பிற துறைமுகங்களோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுக்கப்படாது என்றும், எண்ணெய்க் குதங்களைப் புனரமைக்கும் வேலை இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக இருக்கும் என்றும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ அல்லது புலனாய்வு நோக்குக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்ளப்படும் என்றும் எழுதப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அதே திருகோணமலைக்கு வந்து கூட்டுப் பயிற்சி செய்துவிட்டுப் போகின்றன. 1980களின் கவலையை ஒத்த எதிர்ப்பை இந்தியாவிடம் காண முடிவதில்லை. இடம் ஒன்று, அமெரிக்காவின் கடல்வலு அன்றும் இன்றும் மிகப் பெரியது, மாறியது உறவு. கட்டுருவாக்கவாத நிரையின் எதிர்வுகூறல் இங்கே நிற்கிறது.

யதார்த்தவாத நிரையை எடுத்த மாணவர் விட்டுக்கொடுக்கவில்லை. உறவு தானாக மாறவில்லை, சீனாவின் வலு வளர்ந்ததால் இந்தியாவும் அமெரிக்காவும் நெருங்கின, ஆகவே அதுவும் சமநிலை தேடலே என்றார். இது நேட்டோ விடயத்தில் வோல்ட்ஸ் 2000இல் சொன்னதைப் போன்ற பின்விளக்கமா, கோட்பாட்டிலிருந்து நேராக வருவதா? நேராகவே வருகிறது, பெரிய அச்சுறுத்தலுக்கு எதிராகச் சிறிய அச்சுறுத்தலோடு சேர்வது அந்த நிரையின் எடுகோளிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே இரண்டையும் பிரிக்க இப்போது எஞ்சியிருப்பது கால வரிசை மட்டுமே. இந்தியாவின் அமெரிக்க எதிர்ப்பு, இந்து சமுத்திரத்தில் சீனாவின் பிரசன்னம் கண்ணுக்குத் தெரியத் தொடங்க முன்பே தணிந்திருந்தால் கட்டுருவாக்கவாதம் முன்னிற்கும். பின்பே தணிந்திருந்தால் அச்சுறுத்தற் சமநிலை முன்னிற்கும்.

இதற்காக அட்டவணையின் நான்காம் நிரலில் இரண்டு கட்டங்கள் மாற்றி எழுதப்பட்டன. அச்சுறுத்தற் சமநிலைக்கு எதிரே "பொது எதிரி தோன்ற முன்பே எதிர்ப்புத் தணிதல்" என்பதும், கட்டுருவாக்கவாதத்துக்கு எதிரே "பொது எதிரி தோன்றும்வரை எதிர்ப்புத் தணியாதிருத்தல்" என்பதும் வந்தன. 1987 கடிதங்களுக்கும் இன்றைய கூட்டுப் பயிற்சிகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இந்திய - அமெரிக்கக் கடற்படைப் பயிற்சிகள் எப்போது தொடங்கின, சீனக் கப்பல்கள் எப்போது வரத் தொடங்கின என்று ஆண்டுவாரியாக ஒரு நிரலைத் தயாரிக்கும் வேலையை அந்த இரண்டு நிரைகளையும் எடுத்த மாணவர்கள் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.